கண்காட்சி மதிப்புரைக்கும் கலை வரலாற்றுக் கட்டுரைக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி: "நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். ஓவியக் கல்லூரியில் கலை வரலாறும் ஒரு பாடமாகப் படித்தேன். கொச்சியில் பார்த்த ஒரு கண்காட்சி பற்றி ஒரு சிற்றிதழுக்கு 800 சொல்லில் மதிப்புரை எழுதி அனுப்பினேன். 'இது கலை வரலாற்றுக் கட்டுரை, விமர்சனம் இல்லை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? நல்ல மதிப்புரை எழுத என்ன செய்யணும்?"

பதில்:

உங்கள் கட்டுரையை நான் பார்க்கவில்லை. ஆனால் கலை வரலாறு படித்துவிட்டு மதிப்புரை எழுத வருகிறவர்களின் முதல் கட்டுரை பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று தெரியும். ஓவியர் பிறந்த ஊர், படித்த கல்லூரி, எந்த இயக்கத்தைச் சேர்ந்தவர், யாருடைய தாக்கம் என்று முக்கால்வாசி ஓடியிருக்கும். கடைசிப் பத்தியில் "இக்கண்காட்சி அவசியம் காணத்தக்கது" என்று வரும். எழுதியவர் அந்தக் கூடத்துக்குப் போகாமலேயே அதை எழுதியிருக்கலாம். உங்கள் ஆசிரியர் சொன்னதும் அநேகமாக இதைத்தான்.

நான் ஒரு கலைக் கல்லூரியில் வெகுகாலம் கலை வரலாறு நடத்தியவன். வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள இதழ்களுக்கு மதிப்புரையும் எழுதிவருகிறேன். இரண்டு வேலையும் செய்த அனுபவத்தில், வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுவது ஒரே ஒரு கேள்விதான்: இந்த வாக்கியம் சரியா என்று பார்க்க வாசகர் எங்கே போகவேண்டும்?

"ரவிவர்மா 1894இல் பம்பாயில் லித்தோ அச்சகம் தொடங்கினார்" என்று எழுதினால், சரிபார்க்க ஆவணங்களுக்குப் போகவேண்டும். கடிதம், கணக்குப் புத்தகம், அச்சில் வந்த படத்தின் அடியில் இருக்கும் பெயர், இப்படி ஏதாவது. இது வரலாற்று வாக்கியம். "நான்கு பெரிய கேன்வாஸ்களை நெருக்கி மாட்டியிருப்பதால் நடுவில் இருக்கும் சின்னப் படம் செத்துப்போகிறது" என்று எழுதினால், சரிபார்க்கக் கூடத்துக்குப் போய் அந்தச் சுவருக்கு எதிரே நிற்கவேண்டும். இது விமர்சன வாக்கியம். மூன்றாவதாக ஒன்று உண்டு: "ஆகவே இந்தக் கண்காட்சி சரியாக அமையவில்லை." இதை எங்கே போயும் சரிபார்க்க முடியாது. முதல் இரண்டு வகை வாக்கியங்கள் தாங்கினால்தான் இது நிற்கும். நல்ல மதிப்புரையில் இரண்டாம் வகை நிறைய இருக்கும், முதல் வகை கொஞ்சம் இருக்கும், மூன்றாம் வகை ஒன்றிரண்டு இடத்தில் தைரியமாக வரும். திரும்பி வந்த உங்கள் கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கியது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காலம். வரலாற்றாசிரியருக்கு அவசரம் கிடையாது. ஆதாரம் போதவில்லை என்றால் தீர்ப்பை ஒத்திவைக்கலாம். பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வந்து திருத்தலாம். மதிப்புரை எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. கண்காட்சி முடிவதற்குள் சொல்லியாகவேண்டும். பாதி விஷயம் தெரியாமல்தான் சொல்லவேண்டியிருக்கும். அதனால் பழைய மதிப்புரைகள் பல பிற்காலத்தில் தவறாகத் தெரிவதும், அந்தத் தவறே வரலாற்றாசிரியருக்கு ஆதாரமாவதும் சகஜம்.

ரவிவர்மா விஷயத்தில் நடந்ததும் அதுதான். அவர் 1906இல் இறந்தார். அதை ஒட்டிய வருஷங்களில், சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரத்தில், கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி அவரைக் கடுமையாக விமர்சித்தார். புராணக் காட்சிகள் நாடக மேடை போல இருக்கின்றன, கற்பனை போதாது, இந்திய உணர்வு இல்லை என்பதெல்லாம் அவர் வைத்த குற்றச்சாட்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருக்கும் சகுந்தலை படத்துக்கு எதிரே நின்றால், அந்த விமர்சனம் எங்கிருந்து வந்தது என்று புரியும். காலில் முள் குத்தியதாகப் பாவனை செய்து, தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, சகுந்தலை திரும்பிப் பார்க்கிறாள். அது மேடையில் ஒரு நடிகை நிற்கும் நிலைதான். குமாரசுவாமி கண்ணால் கண்டதையே சொன்னார். அதைக் குறையாக எண்ணினார். இன்னொரு விமர்சகர் அதையே பார்த்து, 'எவ்வளவு சுலபமாகக் கதை சொல்லிவிட்டார்!' என்று பாராட்டலாம். இரண்டு பேருக்கும் ஆதாரம் ஒரே படம்தான்.

இன்றைய கலை வரலாற்றாசிரியர் இந்தச் சண்டையில் யார் பக்கமும் நிற்கவேண்டியதில்லை. அவருடைய கேள்வி வேறு: இப்படி ஒரு தீர்ப்பு குறிப்பாக அந்த வருஷங்களில் ஏன் வந்தது? வங்காளத்தில் ஓவியர் அபனீந்திரநாத் தாகூரைச் சுற்றி உருவான புது ஓவிய முறைக்கு இடம் ஒதுக்க ரவிவர்மாவைத் தள்ளவேண்டியிருந்ததா? அதே சமயம் அவருடைய அச்சுப்படங்கள் பூஜை அறைகளில் போய் உட்கார்ந்தது எப்படி? குமாரசுவாமி எழுதியபோது அது விமர்சனம். இன்று அதுவே ஆய்வாளர் மேஜையில் இருக்கும் ஆவணம். நீங்கள் எழுதும் 800 சொல்லும் பிற்காலத்தில் அப்படி ஆகலாம். அதனாலேயே நாள், இடம், எந்தச் சுவர், என்ன அளவு என்பதையெல்லாம் சரியாகப் போடவேண்டும்.

இனி ஒரே படைப்பை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்ப்போம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி-முசிரிஸ் பியென்னாலேயின் மூன்றாம் பதிப்பு 2016 டிசம்பரில் தொடங்கியது. சுதர்சன் ஷெட்டி அதைத் தொகுத்தார். ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸின் பழைய கிடங்கு ஒன்றில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தாவின் 'வலியின் கடல்' இருந்தது. அந்த வருஷம் போனவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். நீளமான கிடங்கு, தரை முழுக்கக் கடல்நீர். செருப்பைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் இறங்கித்தான் நடக்கவேண்டும். பக்கச் சுவர்களில் கேன்வாஸ்கள். படம் எதுவும் இல்லை, ஓரிரண்டு சொற்களில் கேள்விகள் மட்டும்: பார்க்கவில்லையா, கேட்கவில்லையா, என்னை உணரவில்லையா என்கிற மாதிரி. கடைசிச் சுவரில் கொஞ்சம் நீண்ட வரிகள். அங்கே போனால்தான் இது காலிப் குர்தி என்ற சிறுவனுக்காக என்று தெரியவரும். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் இறந்துகிடந்த சிரிய அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். காலிப் அவனுடைய அண்ணன். அதே படகில் போய் இறந்தவன். அவனை அப்படி யாரும் படம் எடுக்கவில்லை. நான் அவன் அப்பா இல்லை, ஆனாலும் அவன் என் மகன் என்ற பொருளில் அந்த வரிகள் முடிகின்றன.

இதை ஒரு கலை வரலாற்றாசிரியர் எடுத்துக்கொண்டால் சூரித்தாவின் வாழ்க்கைக்குள் போவார். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மாணவராக இருந்த அவர் கைதாகி, ஒரு கப்பலின் அடித்தட்டில் அடைக்கப்பட்டார். ராணுவத் தலைவர் பினோசேயின் ஆட்சியில் கொல்லப்பட்ட பலரின் உடல்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் கடலில் வீசினார்கள். காகிதத்துக்கு வெளியே எழுதுவது சூரித்தாவுக்குப் புதிதில்லை: 1982இல் நியூயார்க் வானத்தில் விமானப் புகையால் கவிதை எழுதினார், 1993இல் அத்தகாமா பாலைவனத் தரையில் மைல் கணக்கில் நீளும் ஒரு வரியைத் தோண்டி எழுதினார். ஆகவே கொச்சியின் தண்ணீர் திடீரென்று வந்த யோசனை இல்லை. வானம், பாலைவனம், கடல் என்று நாற்பது வருஷமாக நீளும் ஒரு வேலையின் தொடர்ச்சி. இதற்கு வரலாற்றாசிரியர் அவருடைய கவிதைத் தொகுப்புகள், பழைய நிகழ்வுகளின் புகைப்படங்கள், அக்காலச் சிலியின் கலைக்குழுக்கள் பற்றிய ஆவணங்கள் என்று தேடிக் கோர்ப்பார். கொச்சிக் கிடங்கில் தண்ணீர் கணுக்காலளவா, முழங்காலளவா என்பது அவருக்கு ஒரு அடிக்குறிப்பு.

மதிப்புரை எழுதுபவருக்கு அந்த அளவுதான் முதல் விஷயம். தண்ணீர் இருப்பதால் வேகமாக நடக்க முடியாது. முன்னால் போகிறவர் காலை எடுத்து வைக்கும் சத்தம் உங்களுக்குக் கேட்கும், உங்கள் சத்தம் பின்னால் வருகிறவருக்கு. தூரத்துச் சுவரில் ஏதோ எழுதியிருப்பது தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை. படிக்கவேண்டுமென்றால் நனைந்துதான் ஆகவேண்டும். சிறுவனின் பெயர் வரும்போது நீங்கள் ஏற்கெனவே கடல்நீரில் நிற்கிறீர்கள். அழுத்தம் வருவது இந்த வரிசையால்தான். அந்தப் பெயரை வாசலிலேயே எழுதிவைத்திருந்தால், எல்லோரும் ஒரு துக்க முகத்தை ஏற்பாடு செய்துகொண்டு உள்ளே போயிருப்பார்கள். இது என் கணிப்பு. ஆனால் கிடங்கில் நடந்து பார்த்த எவரும் ஏற்கவோ மறுக்கவோ முடிகிற கணிப்பு.

குறையும் சொல்லவேண்டும். பக்கச் சுவர்களில் இருந்த கேள்விகள் எனக்குத் தேவையாகப் படவில்லை. தண்ணீர் மௌனமாகச் செய்துகொண்டிருந்த வேலையை அவை வாய்விட்டுச் சொல்லின. அப்புறம் பலர் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அதைப் படைப்பின் தோல்வி என்பதா, பார்வையாளரின் தோல்வி என்பதா? அல்லது 'பார்க்கவில்லையா' என்று சுவர் கேட்டதற்கு அதுவே பதிலாகிவிட்டது என்பதா? இங்கே நியாயமாகவே இரண்டு கருத்து இருக்கலாம். ஒரு குழந்தையின் சாவை வைத்து நம்மை அழவைப்பது சுலபம், அது கலை ஆகாது என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தக் கிடங்கில் குழந்தையின் படமே கிடையாது. ஆனால் அவர் வாதம் தவறு என்று நிரூபிக்கவும் என்னால் முடியாது. மதிப்புரையில் இப்படி ஒரு எதிர்வாதத்துக்கு இரண்டு வாக்கியம் ஒதுக்கினால் உங்கள் தீர்ப்பின் மேல் நம்பிக்கை கூடும்.

இந்த உதாரணத்தில் வரலாறு எங்கே நுழையவேண்டும்? சிலியின் கடலில் வீசப்பட்ட உடல்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், தண்ணீர் வர்ணனை முடிந்தபிறகு வந்தால், மதிப்புரை ஆழமாகிறது: சிரியச் சிறுவனுக்காக இறங்கிய அதே தண்ணீரில் சிலிக்காரரின் இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்று வாசகருக்குப் புரிகிறது. அதையே முதல் மூன்று பத்திகளில் விரித்தால் கிடங்குக்குள் போகவே நேரமிருக்காது. வரலாற்றுச் செய்தி ஒன்றை மதிப்புரையில் சேர்க்கலாமா என்று சந்தேகம் வந்தால், அது கூடத்தில் நீங்கள் கண்ட எதையாவது மாற்றிக் காட்டுகிறதா என்று கேளுங்கள். மாற்றினால் சேருங்கள். ஓவியர் எந்த வருஷம் எந்த விருது வாங்கினார் என்பது அநேகமாக எதையும் மாற்றாது.

வர்ணனை ஏன் இவ்வளவு வேண்டும் என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோ 1759 முதல் பாரிஸின் சலோன் கண்காட்சிகளைப் பற்றி எழுதினார். அவை அச்சில் வரவில்லை. கையெழுத்துப் பிரதிகளாக வெளிநாட்டு அரசவைகளில் இருந்த சில சந்தாதாரர்களுக்குப் போயின. அந்த வாசகர்கள் படங்களைப் பார்க்கப்போவதில்லை. அதனால் படத்தில் யார் எங்கே நிற்கிறார், ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையெல்லாம் அவர் எழுத்திலேயே காட்டவேண்டியிருந்தது. நம் வாசகர் நிலையும் ஏறக்குறைய அதுதான். கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ பொள்ளாச்சியிலோ உங்கள் இதழைப் படிப்பவர் ஒரு நாள் லீவு போட்டு எர்ணாகுளம் போய்த் திரும்புவார் என்று எண்ணி எழுத முடியாது. இன்றைக்குப் போனில் படம் கிடைக்கிறதே என்பீர்கள். போனில் அளவு தெரியாது, ஒளி தெரியாது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. நீங்கள் சொல்லவேண்டியது அந்த மூன்றையும்தான்.

கூடத்தில் எப்படிப் பார்ப்பது என்று வருவோம். முதல் சுற்றில் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படிக்காதீர்கள். கஷ்டம்தான், கண் தானாக அங்கே போகும். ஆனால் முதலில் படித்துவிட்டால், விளக்கம் சொன்னதைப் படத்தில் தேடிக் கண்டுபிடிப்பீர்கள்; சொல்லாதது கண்ணில் படாது. குறிப்பேடும் வேண்டாம். எங்கே கால் நின்றது, எங்கே நிற்காமல் போனது என்பதை மட்டும் கவனித்துவிட்டு வெளியே வந்து டீ குடியுங்கள். இரண்டாம் சுற்றில் விளக்கத்தைப் படியுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயர், வருஷம், ஊடகம், அளவு நான்கும் பலகையில் இருக்கும். அளவு போடும்போது உயரம் முதலில், அகலம் அடுத்து என்பது பொதுவழக்கம். சில இடங்களில் மாற்றிப் போட்டிருப்பார்கள், படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 'கேன்வாஸ் மேல் அக்ரிலிக்' என்று பலகை சொல்வதோடு விடாமல், வண்ணம் தடித்து நிற்கிறதா, துணியின் இழை தெரிகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். வீடியோ என்றால் அது எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்று பார்த்து முழுதாக உட்காருங்கள். ஐம்பது நிமிஷப் படத்தில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுதினால், படித்தவுடன் தெரிந்துவிடும்: வர்ணனை முழுக்கத் தொடக்கக் காட்சியாகவே இருக்கும்.

மாட்டும் முறையும் ஒளியும் படைப்பில் பாதி. படத்தின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், சராசரி ஆளின் கண்மட்டத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். அதிலிருந்து விலகியிருந்தால் ஏன் என்று யோசியுங்கள். வேண்டுமென்றே செய்திருக்கலாம், ஆணி அடிக்க அங்கேதான் இடம் கிடைத்தது என்றும் இருக்கலாம். ஒளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீர்வண்ணம், கோட்டோவியம், பழைய புகைப்படம் போன்ற காகித வேலைகளை ஒளி வெளுக்கவைத்துவிடும். அதனால் அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவே ஒளி கொடுப்பார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகும். அந்த அறை மங்கலாக இருக்கிறது என்று எழுதி, அமைப்பாளரைத் திட்டினால், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். மங்கலான அறையில் நுழைந்தால் கண் பழகச் சில நிமிஷம் நில்லுங்கள், அப்புறம் பாருங்கள். ஆனால் கண்ணாடிச் சட்டத்தில் எதிர்ச்சன்னலின் பிம்பம் விழுந்து படமே தெரியவில்லை என்றால் அது குறைதான், தாராளமாக எழுதலாம்.

எழுத உட்கார்ந்ததும் வரும் பெரிய ஆபத்து, அந்தச் சுவர் விளக்கம். கொச்சியில் அது ஆங்கிலத்திலும் பெரும்பாலும் மலையாளத்திலும் இருக்கும். எல்லைப் பக்கத்துக்காரர்களான நமக்கு இரண்டும் ஓரளவு ஓடும். அப்படியே தமிழில் இறக்கிவிட்டால் மதிப்புரை எழுதிய மாதிரி ஒரு திருப்தி கிடைத்துவிடும். "நினைவு, இடம்பெயர்வு, அடையாளம் ஆகியவற்றின் எல்லைகளைக் கேள்விக்குள்ளாக்கும் படைப்பு" என்று வரும். இந்த வாக்கியத்தைக் கத்தரித்து எந்தக் கண்காட்சி மதிப்புரையிலும் ஒட்டலாம். அதனாலேயே இங்கே வேண்டாம். சூரித்தாவின் கிடங்குக்கும் அது பொருந்தும், அங்கே இருந்த எதையும் சொல்லாது. "பெயரைப் படிக்க நனையவேண்டும்" என்பது வேறெங்கும் பொருந்தாது. அந்தச் சுவர் விளக்கம் படைப்பைப் பற்றி ஏதாவது அடித்துச் சொன்னால், உதாரணமாக இந்தப் படைப்பு குடியேறிகளின் வலியைப் பேசுகிறது என்றால், அது அமைப்பாளரின் கூற்று என்று சொல்லிவிட்டு, கூடத்தில் அது நிறைவேறுகிறதா என்று நீங்கள் பாருங்கள். நிறைவேறாத இடத்தில் மதிப்புரைக்கு நல்ல விஷயம் கிடைக்கும்.

800 சொல்லில் எல்லாவற்றையும் தொட முடியாது. நாற்பது படைப்பு இருந்தால் இரண்டை எடுத்து நன்றாக வர்ணியுங்கள், இன்னும் மூன்று நான்கைப் போகிற போக்கில் தொடுங்கள், மற்றவற்றை விடுங்கள். பெயர்ப் பட்டியல் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் யாரும் படிக்கவும் மாட்டார்கள். என் வழக்கம் இது: முதல் நூறு சொல்லுக்குள் வாசகரை ஒரு படைப்புக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். அடுத்த முந்நூறில் அதை வர்ணித்து, அது என்ன செய்கிறது என்று சொல்வேன். அதன்பிறகே ஓவியர் யார், இது அவருடைய முந்தைய வேலையிலிருந்து எப்படி மாறியது என்ற வரலாறு, நூறு சொல்லுக்கு மேல் போகாமல். பிறகு முதலாவதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் இரண்டாவது படைப்பு; கண்காட்சி எங்கே தடுமாறுகிறது என்பது பெரும்பாலும் அங்கே வெளிவரும். மீதி, கண்காட்சி முழுமையாக என்ன வாதிடுகிறது, அதை ஏற்கிறேனா என்பதற்கு. இது சட்டமில்லை. ஒற்றை ஓவியரின் ஐம்பது வருஷ வேலையைப் பின்னோக்கிக் காட்டும் கண்காட்சி என்றால் வரலாற்றுக்கு இன்னும் இடம் கொடுக்கத்தான் வேண்டும், அங்கே காலவரிசையே கண்காட்சியின் வாதம்.

தீர்ப்பு சொல்லியே ஆகவேண்டுமா என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவில் 2002இல் கொலம்பியா பல்கலைக்கழகம் செய்தி இதழ்களின் கலை விமர்சகர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. உங்கள் வேலையில் எது முக்கியம் என்று கேட்டபோது, தீர்ப்பு சொல்வது கடைசி இடத்துக்குப் போனது. வர்ணிப்பதும் விளக்குவதும்தான் முன்னால் வந்தன. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சிறு வட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தீர்ப்பைத் தவிர்ப்பது இங்கே பல சமயம் நட்புக்குச் செய்யும் மரியாதையாக ஆகிவிடுகிறது. வாசகர் நேரத்தை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் போவதாக எனக்குப் படும். ஓவியர் உங்கள் நண்பர் என்றாலோ, போகவர அமைப்பாளர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார் என்றாலோ அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், அல்லது அந்த மதிப்புரையை வேறு ஒருவருக்கு விடுங்கள்.

தீர்ப்பு படைப்பின் மேல் இருக்கவேண்டும், ஆளின் மேல் இருக்கக்கூடாது. இதற்குப் பிரபலமான வழக்கே உண்டு. 1877இல் லண்டனில் விஸ்லர் என்ற ஓவியரின் ஒரு படத்தைப் பார்த்த விமர்சகர் ரஸ்கின், பொதுமக்கள் முகத்தில் ஒரு பானை வண்ணத்தை வீசிவிட்டு 200 கினி கேட்கிறார் என்று எழுதினார். இரவில் வாணவேடிக்கை சிதறும் படம் அது. விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார், 1878இல் ஜெயித்தார். நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்த்திங், அன்றைய பென்னியில் கால் பங்கு. வழக்குச் செலவில் மறுவருஷம் திவாலாகிவிட்டார். ரஸ்கினின் அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: இருட்டில் பொறிகள் எப்படித் தீட்டப்பட்டிருந்தன என்று ஒரு சொல்கூட இல்லை. விலையும் ஓவியரின் நேர்மையும்தான் இருக்கின்றன. அவ்வளவு பெரிய எழுத்தாளர், ஆனால் அந்த வரியைச் சரிபார்க்கக் கூடத்துக்குப் போய்ப் பயனில்லை.

நான் சொன்னதெல்லாம் கூடங்களிலும் பியென்னாலே மாதிரி இடங்களிலும் நடக்கும் கண்காட்சிகளுக்குத்தான் சரிப்படும். கோயில் சுவரோவியத்தையோ களமெழுத்தையோ இதே முறையில் மதிப்புரை செய்யப் போனால் சிக்கல் வரும். களமெழுத்தில் வரைந்த உருவத்தைச் சடங்கின் முடிவில் அழித்துவிடுவார்கள். மாட்டிய உயரம், பலகை, அமைப்பாளர் எதுவுமே அங்கே பொருந்தாது. அதே கலைஞர் அதையே ஒரு கூடத்துத் தரையில் கண்காட்சிக்காக வரைந்தால், அப்போது இந்தக் கேள்விகள் எல்லாம் உயிர்பெறும்: அழிக்கிறார்களா, வைத்திருக்கிறார்களா, பார்வையாளர் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறார். எல்லையின் இந்தப் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் வரலாம்.

கடைசியாகச் சில்லறை வேலைகள். அனுப்பும் முன் ஓவியர் பெயரைப் பலகையில் இருந்தபடி சரிபாருங்கள். மலையாளப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது நெடில் குறில் மாறிவிடும், எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கூடத்திலேயே யாரையாவது கேட்டுவிடுவது நல்லது. கண்காட்சி எந்தத் தேதிவரை, எந்தக் கிழமை விடுமுறை, நுழைவுக் கட்டணம் உண்டா என்பதை மதிப்புரையின் உள்ளே நுழைக்காமல் கீழே தனி வரியில் போடுங்கள். படம் வெளியிட ஓவியரிடமோ கூடத்தாரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீங்களே எடுத்த போட்டோ என்றாலும் படைப்பின் உரிமை அவர்களுடையது. பழைய கட்டுரையைத் தூக்கிப்போட வேண்டாம். எண் போட்டபிறகு இரண்டாம் வகை வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் ஆறேழு தேறினால், அவற்றிலிருந்தே புதிதாகத் தொடங்கலாம். ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்றால், கண்காட்சி இன்னும் முடியவில்லை என்ற பட்சத்தில், இன்னொரு முறை எர்ணாகுளத்துக்கு டிக்கெட் எடுங்கள்.